டெஸ்டர் எரிகிறது, கம்ப்யூட்டர் ஓடவில்லை

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சி தவறாமல் கண்ணில் படும். ஒருவர் சிபியூவைத் துண்டில் சுற்றி, பைக் டேங்க் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வருவார். "சுத்தமா உயிரே இல்ல தம்பி, பட்டனை அமுக்குனா ஒண்ணுமே வரல" என்பார். கடைப் பையன் மேஜையில் கிடக்கும் தன்னுடைய ஒயரை எடுத்துப் பின்னால் சொருகி, பட்டனை அழுத்துவான். காற்றாடி சுற்றும், விண்டோஸ் வரும். வந்தவர் சந்தோஷப்படுவதா, அசடு வழிவதா என்று தெரியாமல் நிற்பார். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் பழையபடி செத்துக் கிடக்கும். மறுபடி கடைக்கு வரும்போது கொஞ்சம் கோபமும் கூடவே வரும்.

இருவர் மேலும் தப்பில்லை. சிபியூ மட்டும் பயணம் போனது. அதற்குக் கரண்ட் கொடுத்த பவர் கார்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டன. பழுது அவற்றில் எதிலாவது இருந்தால், கடையில் எத்தனை தடவை சோதித்தாலும் அது அகப்படப் போவதில்லை.

சுவரிலிருந்து கம்ப்யூட்டர் வரை கரண்ட் எத்தனை இணைப்புகளைத் தாண்டி வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சுவிட்ச் போர்டுக்குள் ஒயரை இறுக்கும் ஸ்குரூ, சுவிட்ச், சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக், அதன் ஒயர், அதன் சுவிட்ச், அதன் ஃபியூஸ், அதற்குள் இருக்கும் இன்னொரு பித்தளைத் தகடு, பவர் கார்டின் பிளக், கடைசியாக சிபியூவின் முதுகில் சொருகும் முனை. இவற்றில் ஃபேஸ் போகும் வழி ஒன்று, நியூட்ரல் திரும்பும் வழி ஒன்று. எந்த ஓர் இடத்தில் பிடி தளர்ந்தாலும் கம்ப்யூட்டர் ஓடாது. பழி மட்டும் மதர்போர்டு மேல் விழும்.

ஒரு சிற்றூரில், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்த டிடிபி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வகைப் பழுதின் எல்லா முகமும் அதில் இருக்கிறது.

கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு லேசர் பிரின்டர். மூன்றும் ஒரே ஸ்பைக் பஸ்டரில். முதலில் ஒரு சின்னத் தொந்தரவு ஆரம்பித்தது. பட்டா நகல் எடுக்கப் பிரின்ட் கொடுத்தால், காகிதம் நகரத் தொடங்கும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழும். எப்போதும் இல்லை, எப்போதாவது. கடைக்காரர் வைரஸ் என்று நினைத்தார். விண்டோஸை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு ராம் மாற்றப்பட்டது, அதற்கும் பிறகு எஸ்எம்பிஎஸ். செலவு ஏறியதே தவிர தொந்தரவு நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் மொத்தமாகவே ஓடவில்லை. பட்டனை அழுத்தினால் காற்றாடி ஒரு கால் சுற்று அசைந்து நின்றுவிடும், அவ்வளவுதான். சிபியூவைக் கடைக்குத் தூக்கிப் போனார்; அங்கே ஓடியது. திரும்பக் கொண்டுவந்தார், இங்கே ஓடவில்லை.

எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கரண்ட்ல ஒண்ணுமில்லண்ணே. டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டேன், பளிச்சுன்னு எரியுது. ஸ்பைக் பஸ்டர்ல செவப்பு லைட்டு எரியுது. அதுலயே என் செல்லு சார்ஜ் ஏறுது. மவுஸ்லகூட லைட்டு வருது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் சொன்ன நான்கும் உண்மைதான். ஆனால் நான்கும் சேர்ந்தாலும் அந்தப் பாயின்ட் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பது ஒரு சின்ன நியான் விளக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டரும். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். அதிலேயே அது எரிந்துவிடும். ஃபேஸ் ஓட்டையில் வைத்து எரிந்தால், ஃபேஸ் ஒயர் அதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் பொருள். நியூட்ரலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. நியூட்ரல் அறுந்தே கிடந்தாலும் ஃபேஸில் டெஸ்டர் பளிச்சென்று எரியும். ஸ்பைக் பஸ்டரின் சிவப்பு விளக்குக்கும் கிட்டத்தட்ட டெஸ்டர் அளவு கரண்ட்தான் தேவை.

சார்ஜர் கொஞ்சம் மேல். ஆனால் சாதாரண செல்போன் சார்ஜர் 10 வாட்ஸ் இழுக்கிறது என்றால், 230 வோல்ட்டில் அது ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, இப்போது வரும் சார்ஜர்கள் 100 வோல்ட் வந்தாலும் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. சார்ஜர் மேலேயே 100-240 என்று அச்சடித்திருக்கும். மவுஸ் விளக்கும் அப்படியே. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் ஒரு சிறு 5 வோல்ட் கரண்டை உள்ளே கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குச் சில வாட்ஸ் போதும்.

இப்போது நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்து, ஒயர் முனை கருகி, அந்த இடத்தில் 200 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் 0.05 ஆம்பியர் இழுத்தால் அங்கே 10 வோல்ட் இழப்பு. மீதி 220 வோல்ட்டில் சார்ஜருக்கு எந்தக் குறையும் தெரியாது. கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினால் அது அரை ஆம்பியர் கேட்கும். உடனே 100 வோல்ட் அந்தக் கருகிய முனையிலேயே விழுந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் குணம் வேறு: வோல்டேஜ் குறைந்தால் அது அடங்கிப் போகாது. தன் வாட்ஸைச் சரிக்கட்ட இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும். இழுக்க இழுக்க வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஒரு கட்டத்தில் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். காற்றாடி கால் சுற்று அசைந்து நின்றதன் கதை இதுதான்.

எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்கலாம். எம்சிபி அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். இங்கே போகும் கரண்ட் குறைவு, வழியில்தான் தடை. கசிவைப் பிடிக்கிற ஆர்சிசிபியும் இதைக் கண்டுகொள்ளாது, தரைக்கு எதுவும் கசியவில்லையே. லூஸ் கான்டாக்டைப் பிடிக்கும் காவல்காரர் சாதாரண வீட்டு மெயின் போர்டில் யாரும் கிடையாது. அதனால்தான் அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்கிறது.

சரி, அந்த ஸ்குரூ ஏன் கருகியது? குற்றவாளி லேசர் பிரின்டர். லேசர் பிரின்டர் மையைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுகிறது. அதற்காக உள்ளே ஓர் உருளையைச் சூடாக்கும் சில விநாடிகளுக்கு 800 முதல் 1,000 வாட்ஸ் வரை இழுக்கும். அதாவது ஏறத்தாழ 4 ஆம்பியர். கம்ப்யூட்டரின் அரை ஆம்பியரோடு இதுவும் சேர்ந்தால் நாலரை. இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் 9 மடங்கானால் சூடு 81 மடங்கு. ஒவ்வொரு பிரின்டுக்கும் அந்த ஸ்குரூ சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும். பிடி மெல்லத் தளரும். தளரத் தளரத் தடை கூடும், தடை கூடக் கூடச் சூடு கூடும்.

முதலில் வந்த தானாக அணையும் தொந்தரவும் இதே கதையின் முதல் பாகம்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெபாசிட்டர் கரண்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தாங்கும். முழு லோடில் அந்தக் கொஞ்ச நேரம் சுமார் 16 மில்லிநொடி. நம் ஊர்க் கரண்டின் ஒரு அலைக்கு ஆகும் நேரமே 20 மில்லிநொடி. கான்டாக்ட் அதற்கு மேல் ஒரு கண்ணிமைப்பு விட்டுப் போனாலும் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. "ஃபேன் ஓடிட்டுதானே இருந்துச்சு, கரண்ட் எங்க போச்சு" என்று நாம் கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பது இப்படித்தான்.

எலக்ட்ரீஷியன் வந்து அதிகம் பேசவில்லை. பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய 100 வாட்ஸ் குண்டு பல்பை எடுத்தார். ஸ்பைக் பஸ்டரை உருவிவிட்டு, சுவரில் அந்தப் பாயின்ட்டிலேயே நேராகச் சொருகினார். பல்பு மஞ்சளாக, கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் திணறும்போது எரிவதுபோல் எரிந்தது. பக்கத்து அறைப் பாயின்ட்டில் அதே பல்பு வெள்ளையாக எரிந்தது. "பாத்துக்கோங்கண்ணே" என்றார். மெயினை அணைத்துத் தட்டைக் கழற்றியபோது நியூட்ரல் ஒயரின் கறுப்பு உறை அரை அங்குலத்துக்கு உருகிச் சுருண்டிருந்தது. சாக்கெட்டை மாற்றி, ஒயரின் கருகிய முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்க அரைமணி நேரம். ராமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போன பணத்தோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

எல்இடி பல்பால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதுவும் சார்ஜர் மாதிரிதான். 130 வோல்ட்டிலும் பல எல்இடி பல்புகள் குறை தெரியாமல் எரியும். குண்டு பல்பு இல்லாவிட்டால் டேபிள் ஃபேன் போதும். சந்தேகமான பாயின்ட்டில் அது சோம்பலாகச் சுற்றினால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் என்ன செய்வது. ஸ்குரூ டிரைவர் எதற்கும் வேண்டாம். கை ஈரமில்லாமல் இருந்தால் போதும். முதலில் ஒன்றையும் தொடாமல் பார்க்கவும் முகரவும் செய்யுங்கள். பிளக்கைச் சுற்றிப் பழுப்புக் கறை, பிளாஸ்டிக் கருகிய வாடை, சொருகிய இடத்தில் சரசரவென்று சத்தம், பிளக்கை உருவினால் கை பொறுக்காத சூடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை அங்கேயே முடிந்தது. எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தப் பாயின்ட்டில் வேறு எதையும் மாட்டிப் பார்க்காதீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் சுவிட்சுகளைப் பாருங்கள். சுவரில் ஒன்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒன்று, சிலவற்றில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒன்று. சிபியூவின் முதுகில், ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கலாம். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது துணி பட்டு அது அணைந்துபோய், மறுநாள் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று வீடே கலங்குவது உண்டு. ஸ்பைக் பஸ்டரின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சிறு குமிழ் துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதிக லோடு வந்தால் வெளியே தள்ளிக்கொள்ளும் பாதுகாப்பு அது. லோடைக் குறைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, உள்ளே அழுத்தினால் நிற்கும். நிற்காமல் திரும்பத் திரும்ப வெளியே வந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். குமிழுக்குப் பதில் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும் பெட்டிகளும் உண்டு. ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ளதையே போட வேண்டும். வெள்ளித்தாள் சுற்றி ஓட்டுவது வீட்டுக்கே தீ வைக்கிற வேலை.

அடுத்து பவர் கார்டு. சுவர்ப் பக்க சுவிட்சை அணைத்துவிட்டு, கார்டை இரண்டு முனையிலும் முழுதாக உருவுங்கள். உருவிய நிலையில் கம்ப்யூட்டரின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி சொருகுங்கள். மின்னலோ திடீர் வோல்டேஜ் ஏற்றமோ வந்தபோது எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தால், உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்ததும் அது விடுபடும். சொருகும்போது சிபியூ பக்க முனையைக் கட்டைவிரலால் கடைசி வரை தள்ளுங்கள். பார்வைக்கு உள்ளே போன மாதிரியே இருக்கும், ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளும் வீடுகளில் இது சகஜம்.

இன்னும் ஓடவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதையும். சிபியூவை, அதே கார்டோடு, வேறோர் அறையில் மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ நேற்று வரை நன்றாக ஓடிய பாயின்ட்டில் நேராகச் சொருகுங்கள். மானிட்டர், கீபோர்டு எதுவும் தேவையில்லை. காற்றாடி சுற்றித் தொடர்ந்து ஓடுகிறதா என்பது மட்டுமே கேள்வி. ஓடினால் கம்ப்யூட்டர் குற்றமற்றது. ஓடாவிட்டால் இன்னும் ஒரு பொருள் பாக்கி இருக்கிறது, கார்டு. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் சிபியூவுக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர் எரிந்துகொண்டிருந்த கார்டை உருவிச் சிபியூவுக்குப் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்று என்று மாற்றினால்தான் எது பழுது என்று தெரியும்.

கம்ப்யூட்டர் வேறு அறையில் ஓடிவிட்டது என்றால், பழுது சுவரிலா எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலா என்பதுதான் மீதி. பழைய பாயின்ட்டில் முதலில் குண்டு பல்பையோ டேபிள் ஃபேனையோ நேராகப் போடுங்கள். அது நன்றாக ஓடினால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, கம்ப்யூட்டர் இருந்த அதே ஓட்டையில் போடுங்கள். அங்கே மங்கினால் பாக்ஸ்தான். பக்கத்து ஓட்டையில் சரியாக எரிந்தாலும் அந்தப் பாக்ஸை நம்ப வேண்டாம். உள்ளே எல்லா ஓட்டைக்கும் நீளமாக ஒரே பித்தளைத் தகடுதான் ஓடும் பல மலிவுப் பெட்டிகளில். ஒரு இடத்தில் பிடி போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சோதனைக்குக்கூடப் போடாதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. சின்ன பிளக், பெரிய பிளக் இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். 6 ஆம்பியர் பிளக்கின் பின் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன், 16 ஆம்பியர் பிளக்குடையது சுமார் 7. பெரிய பிளக்கைச் சில வருஷம் சொருகி எடுத்த பாயின்ட்டில் பித்தளைத் தகடு அகன்றுவிடும். பிறகு சின்ன பிளக்கைச் சொருகினால் தொளதொளவென்று தொங்கும். பிளக்கை லேசாக ஆட்டினால் விளக்கு மினுக்கென்றால் சாக்கெட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. தீப்பெட்டி அட்டையை இடுக்கி நிறுத்துவது நம் ஊர்க் கைவைத்தியம். நெருப்புக்கு விறகையும் நாமே எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

சிபியூவின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? அது வேறு பழுது, ஆனால் இருப்பது அதே வழியில். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருப்பார்கள், அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஓட்டை மட்டும் இருக்கும், உள்ளே எர்த் ஒயரே இருக்காது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனாலும் எர்த் இல்லாமல் ஓட விடக்கூடாது.

நேரான பாயின்ட், மாற்றிய கார்டு இரண்டிலும் ஓடவில்லை என்றால் பழுது சிபியூவுக்குள்தான். அதற்குமேல் வீட்டில் நோண்ட வேண்டாம். முக்கியமாக எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஒயரை உருவிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். காற்றாடி நன்றாக ஓடி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது மானிட்டர், கேபிள், ராம் பக்கத்துச் சங்கதி. அந்த நோய்க்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது.

கடைக்குக் கொண்டுபோகும்போது சிபியூவோடு அதன் பவர் கார்டையும், முடிந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "நேரா வேற பாயின்ட்ல போட்டேன், மானிட்டர் கார்டும் மாத்திப் பாத்தேன், ரெண்டுலயும் ஓடல" என்று சொல்லுங்கள். கடைப் பையனுக்கு அரைமணி நேர வேலை மிச்சமாகும். தேவையில்லாமல் எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்லவும் தயங்குவான்.